மருந்துக் கடையின் மாத மடல்

மாத மடல் என்பது ஒரு தெருவிலோ குடியிருப்பிலோ உள்ள மருந்துக் கடை, தன் வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒருமுறை தரும் ஒற்றைத் தாள். ஏ4 அளவில் முன்னும் பின்னும் அச்சடித்து மருந்துக் கவரோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதைப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா என்று மாதாமாதம் மருந்து வாங்க வருகிறவர்களும், அவர்களுக்காக வாங்கிப் போகும் பிள்ளைகளும்தான். இந்தத் தாள் இரண்டு வகையாக இருக்கலாம். எந்தச் சத்துமாவுக்கு எவ்வளவு தள்ளுபடி என்று சொல்வது ஒருவகை. வாங்கிப் போன மருந்தை வீட்டில் எங்கே வைப்பது, எப்படிப் போடுவது, எந்த அறிகுறியைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது என்று சொல்வது இன்னொரு வகை. இங்கே பேசப்படுவது இரண்டாவது வகை.

அப்படி ஒரு தாளுக்கு இடம் இருப்பதற்குக் காரணம், மருந்தைப் பற்றிய தகவல் வாங்குகிறவரை எட்டுவதற்கு முன்பே பல இடங்களில் நின்றுவிடுவதுதான். மாத்திரை அட்டையில் இருப்பது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாள் பெரும்பாலும் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது. அட்டையிலிருந்து பத்து மாத்திரையை வெட்டி வாங்குகிறவருக்கு அதுவும் கிடைக்காது. மருந்தைக் கொடுக்கும்போது பதிவுபெற்ற மருந்தாளுநர் அதைப் பற்றி நோயாளியிடம் விளக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. ஆனால் மாலை ஏழு மணிக்கு மேல் கிளினிக்குகள் முடிந்து பத்துப் பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்பதற்கு மேல் சொல்ல நேரம் இருப்பதில்லை. அந்த நேரத்தில் சொல்ல முடியாமல் போனதை எழுதிக் கையில் கொடுப்பதுதான் மடலின் வேலை.

விஷயம் எங்கிருந்து வருகிறது

மடலைத் தொடங்கும் கடைகள் பெரும்பாலும் முதலில் செய்வது, இணையத்தில் ‘நலவாழ்வுக் குறிப்புகள்’ தேடுவது. நிறையத் தண்ணீர் குடியுங்கள், தினமும் நடங்கள், கீரை சாப்பிடுங்கள் என்று முதல் இதழ் நிரம்பிவிடும். மூன்றாம் மாதத்துக்குள் சரக்கு தீர்ந்துவிடும். இந்தக் குறிப்புகளில் தவறு இல்லை. ஆனால் அவற்றைச் சொல்ல மருந்துக் கடை தேவையில்லை. எல்லா வார இதழிலும் அவை இருக்கின்றன. மருந்துக் கடைக்கு மட்டுமே தெரிந்த ஒன்று உண்டு. அந்தப் பகுதி மக்கள் மருந்தை வாங்கும்போது என்ன கேட்கிறார்கள், எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதே அது.

ஆகவே மடலின் முதல் கருவி ஒரு நாற்பது பக்க நோட்டு. அது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியை அவர் கேட்ட சொற்களிலேயே ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும்; யார் கேட்டார் என்று எழுத வேண்டியதில்லை. ‘தைராய்டு மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு காபி குடிக்கலாம்?’ ‘போன மாசம் வெள்ளை மாத்திரை குடுத்தீங்க, இந்த மாசம் மஞ்சளா இருக்கு, அதுவும் இதுவும் சேர்த்துப் போடணுமா?’ ‘வெட்டிக் குடுத்த அட்டையில தேதியே இல்லையே?’ இப்படி ஒரு மாதம் எழுதிப் பார்த்தால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் நாலைந்து தெரிந்துவிடும். அடுத்த இதழ் அவற்றில் ஒன்றுக்கான பதில்.

இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். அதற்குள் ஒரு உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒரே மருந்து வேறு வேறு நிறுவனப் பெயர்களில் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் சர்க்கரை நோயாளி, அங்கே எழுதிக்கொடுத்த புதுப் பெயர் மாத்திரையையும் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பெயர் மாத்திரையையும் சேர்த்து விழுங்குகிறார். இரண்டிலும் இருப்பது ஒரே மெட்ஃபார்மின். அட்டையில் வணிகப் பெயரோடு அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரை எப்படிப் பார்ப்பது, அது ஒன்றாக இருந்தால் போடுவதற்கு முன் ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு இதழ் முழுக்க எழுதலாம். அட்டையின் படத்தைப் போட்டு, அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

நோட்டுக்கு அடுத்தபடியாக உதவுவது ஊரின் பருவம். போகியன்று புகை சூழும்; இன்ஹேலர் பயன்படுத்துகிறவர்களுக்கு டிசம்பர் கடைசியிலேயே மடல் போய்ச்சேர வேண்டும். ரம்ஜான் நோன்புக்கு முந்தைய மாதத்தில், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து வேளைகளை மாற்றி எழுதிவாங்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். நோன்பு தொடங்கிய பிறகு சொல்வதால் பயன் குறைவு. வடகிழக்குப் பருவமழையோடு காய்ச்சல் வரும். கத்திரி வெயிலில் இன்சுலின் கெடும்.

ஒரு மே மாத இதழ்

கடைசியில் சொன்ன இன்சுலினையே எடுத்துக்கொண்டு ஒரு இதழ் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். இடம், வேலூர் போல மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் வந்திருக்கும் கேள்விகள் மூன்று. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் எப்படி வைப்பது? கரண்ட் போனால் மருந்து கெட்டுவிடுமா? பாட்டிலில் தேதி இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே, அதுவரை போடலாம்தானே?

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி, திறக்காமல் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும். ஊசியை முதல்முறை குத்திய நாளிலிருந்து வேறு கணக்கு தொடங்குகிறது. பெரும்பாலான இன்சுலின்களுக்கு அது 28 நாள். சிலவற்றுக்குக் கூடுதல் நாள் உண்டு, பெட்டியில் உள்ள தாளில் அது இருக்கும். இதை ‘திறந்த 28 நாளில் பயன்படுத்தவும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த வரியை வைத்துப் படிப்பவர் தன் வீட்டுக் கணக்கைப் போட முடியாது. மடலில் கணக்கையே போட்டுக்காட்ட வேண்டும்.

நம் ஊரில் பரவலாக விற்கும் இன்சுலின் பாட்டில் 10 மில்லி. ஒரு மில்லியில் 40 யூனிட். ஆகவே ஒரு பாட்டிலில் 400 யூனிட் இருக்கிறது. காலையில் 20, இரவில் 10 என்று நாளைக்கு 30 யூனிட் போடுகிறவருக்கு அது 13 நாளில் தீர்ந்துவிடும். 28 நாள் விதி அவரைத் தொடுவதே இல்லை. இரவில் மட்டும் 10 யூனிட் போடுகிறவருக்கு அதே பாட்டில் 40 நாள் வரும். 28-ஆம் நாள் முடியும்போது அவர் பாட்டிலில் இன்னும் 120 யூனிட் மிச்சம் இருக்கும். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராது. கடைசிப் பன்னிரண்டு நாளும் வீரியம் குறைந்த மருந்தைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று குழம்புவார். இப்படிப்பட்டவருக்கு மடல் சொல்ல வேண்டியது, திறந்த தேதியைப் பாட்டில் மேல் பேனாவால் எழுதுங்கள் என்பதும், 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட்தான் இருக்கிறது, அது உங்கள் அளவுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் தீரும், மாறலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள் என்பதும்தான். கடை இன்னும் ஒரு படி போகலாம். பாட்டிலைக் கொடுக்கும்போதே ‘திறந்த நாள்’ என்று அச்சிட்ட சிறு ஒட்டுத்தாளை அதன் மேல் ஒட்டிக் கொடுக்கலாம்.

கரண்ட் கேள்விக்குப் பதில் ஆறுதலானது. கதவைத் திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜ் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். பதற்றத்தில் பாட்டிலை எடுத்து ஐஸ்கட்டிக்குள் புதைப்பதுதான் கெடுதல். உறைந்துபோன இன்சுலின் மறுபடி உருகினாலும் பயன்படாது. அதே காரணத்தால் ஃபிரீசரிலோ, ஃபிரீசருக்கு நேர் கீழேயோ, பின்சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது. ஃபிரீசரை விட்டுத் தள்ளி, கதவின் நடுத்தட்டிலோ காய்கறி டிரேக்கு மேலோ ஒரு டப்பாவுக்குள் வைத்தால் போதும். பஸ்ஸில் ஊருக்குப் போகும்போதும் ஐஸ் பையை ஒரு துண்டில் சுற்றி, மருந்தைத் தொடாதபடி வைக்க வேண்டும். வண்டியின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டி, காரின் முன்கண்ணாடிப் பக்கம் இரண்டும் வெயிலில் கொதிக்கும் இடங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானை உதவும். பெரிய பானையில் ஈர மணலைப் பரப்பி, அதற்குள் மூடியுள்ள சிறிய மண்கலயத்தை வைத்து, பாட்டிலைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கலயத்தில் வைப்பார்கள். மணலுக்குத் தினம் இருமுறை தண்ணீர் தெளிக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் குறைகிறது. இந்த முறையின் எல்லையையும் மடல் சொல்லியாக வேண்டும். பானை அறை வெப்பத்தைச் சில டிகிரி குறைக்குமே தவிர, 8 டிகிரிக்குக் கொண்டுபோகாது. எனவே இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பாட்டிலுக்கு மட்டும் அது பொருந்தும். மூன்று மாதத்துக்கு வாங்கிச் சேர்த்துவைக்கப் பொருந்தாது. காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் நீர் மெதுவாக ஆவியாவதால் பானையின் பயனும் குறைவு. வேலூரில் எழுதிய மடலை நாகப்பட்டினத்துக் கடை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே நல்ல காரணம்.

கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் போடக் கூடாது. பால் போல இருக்கும் கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிய பிறகும் திட்டுத்திட்டாகத் தெரிந்தாலோ, கண்ணாடியில் உறைபனி போல ஒட்டியிருந்தாலோ அதுவும் கூடாது. சில நேரம் கெட்ட மருந்து பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சாப்பாடும் அளவும் மாறாமல் சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனால், மருத்துவரிடம் போகும்போது பாட்டிலை எப்படி வைத்திருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பின்பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு போதும். அது ஊசியைப் பற்றியது. 40 யூனிட் பாட்டிலுக்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட் மருந்துக்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை ஏற்றினால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 40 யூனிட் மருந்தை ஏற்றினால் வேண்டிய அளவில் பாதிகூடப் போகாது. பாட்டிலையும் சிரிஞ்சையும் அருகருகே வைத்து எடுத்த படம் ஒன்று இருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவரும் இதைப் புரிந்துகொள்வார். மிச்ச இடத்தில் கடையின் நேரம், மருந்தாளுநர் பேசக்கூடிய நேரம், 108, அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104. இத்தோடு இதழ் முடிந்தது. தைராய்டு காபியை இதே தாளில் திணிக்க வேண்டியதில்லை. அது ஜூன் மாதத்துக்கு.

விற்பனையைக் குறைக்கும் வரி

ஒரு மடல் பயனுள்ளதா, விளம்பரமா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கடையின் விற்பனையைக் குறைக்கக்கூடிய வரி ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மேலே சொன்ன இதழில் அது இருக்கிறது. ஃபிரிட்ஜ் இல்லாதவர் ஒரு நேரத்தில் ஒரு பாட்டிலுக்கு மேல் வாங்க வேண்டாம் என்பதே அந்த வரி. அப்படி ஒரு வரி ஓர் ஆண்டு முழுக்க எந்த இதழிலும் வரவில்லை என்றால், எழுதுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ கல்லாப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றுதான் கொள்ள வேண்டும்.

மழைக்காலக் காய்ச்சல் இதழில் இந்தச் சோதனை இன்னும் கடுமையாகும். காய்ச்சலோடு வருகிறவர்கள் உடம்புவலிக்கு ஒரு செட் மாத்திரை கேட்பார்கள். அவற்றில் பல, பாரசிட்டமாலோடு டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ சேர்ந்தவை. காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இந்த இரண்டும் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். எனவே அக்டோபர் மடலின் தலைப்பு வரி, ‘காரணம் தெரியாத காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும், வலி மாத்திரை கேட்காதீர்கள், நாங்களும் தர மாட்டோம்’ என்று இருக்கலாம். அதோடு, சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் இருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடிவிடும் என்பதையும் எழுத வேண்டும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அடித்துப் போட்டது போன்ற சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் இறங்கியிருந்தாலும்கூட உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது பலருக்குத் தெரியாது. இந்த ஒரு செய்திக்காகவே அந்த இதழை அச்சடிக்கலாம்.

இதே இதழில் ஒரு வரி எப்படித் தடம் மாறும் என்பதையும் பார்க்கலாம். டெங்குவில் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் ஆஸ்பிரினும் ஒன்று. ஆகவே ‘காய்ச்சலின்போது ஆஸ்பிரின் கூடாது’ என்று எழுதத் தோன்றும். அதைப் படிக்கும் ஒருவர், மாரடைப்புக்குப் பிறகு தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் போடுகிறவராக இருப்பார். அவர் யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டால் அவருடைய ரத்தக்குழாயில் அடைப்பு வரலாம். எனவே அந்த வரியோடு, ‘இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம், காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்’ என்பதும் சேர வேண்டும். ‘கூடாது’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும், அந்தச் சொல்லால் யாருக்குக் கெடுதல் வரும் என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

‘மருத்துவரைக் கலந்து ஆலோசிக்கவும்’ என்பதை எல்லாப் பத்திக்கும் கீழே போடுகிற வழக்கமும் உதவாது. பத்து இடத்தில் வந்தால் யாரும் அதைப் படிப்பதில்லை. எப்போது, எதற்காக, எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்று ஒரே இடத்தில் சொன்னால் கேட்பார்கள்.

சட்டத்தின் எல்லை

மடல் எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டிய சட்டம் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். நீரிழிவு, ரத்த அழுத்தம், புற்றுநோய் உள்ளிட்ட நோய்களின் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. அந்த நோய்களைக் குணப்படுத்தும், தணிக்கும் அல்லது தடுக்கும் என்று சொல்லி எந்த மருந்தையும் விளம்பரப்படுத்துவதை அது தடுக்கிறது. விளம்பரம் என்ற சொல்லுக்குள் அறிவிப்பு, சுற்றறிக்கை, லேபிள், உறை, பிற ஆவணம் எல்லாம் அடங்கும். பத்திரிகையில் வராத, கடையில் மட்டும் கொடுக்கும் தாள்தானே என்று நினைப்பது தவறு.

நடைமுறையில் இதற்கு ஒரு வழி உண்டு. மடலில் வணிகப் பெயர்களே வேண்டாம். மருந்துப் பெயர் மட்டும் வரட்டும். இந்த நோய்க்கு இதை வாங்குங்கள் என்று சொல்லாமல், மருத்துவர் எழுதிக்கொடுத்து நீங்கள் வாங்கிய மருந்தை இப்படிப் பயன்படுத்துங்கள் என்று சொல்லும்வரை பாதை பத்திரமானது. அளவை மாற்றச் சொல்வது, நிறுத்தச் சொல்வது, ஒன்றுக்குப் பதில் வேறொன்று நல்லது என்பது எல்லாம் மருந்தாளுநரின் எல்லைக்கு வெளியே உள்ளவை. சர்க்கரையை விரட்டும் பொடி, மூட்டுவலி எண்ணெய் போன்றவற்றின் விளம்பரத்துக்குப் பின்பக்கத்தில் இடம் கொடுத்தால், முன்பக்கத்தில் எழுதிய நல்லதன் மேலும் சந்தேகம் விழும்.

மருந்து நிறுவனப் பிரதிநிதி யாராவது அச்சுச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லலாம். பதிலுக்கு ஒரு மூலையில் தங்கள் புரோட்டீன் டப்பாவின் படம் மட்டும் கேட்பார். மறுத்துவிடுவதே சரி. இருநூறு முந்நூறு பிரதி அடிக்கும் செலவு ஒரு கடையால் தாங்க முடியாதது அல்ல. தாங்க முடியவில்லை என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடிக்கலாம்.

எழுதுவதும் சரிபார்ப்பதும்

முன்பக்கக் கட்டுரை இருநூற்றைம்பது சொல்லைத் தாண்ட வேண்டியதில்லை. எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. படிப்பவர்களில் பாதிப் பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி இருக்கும். மருந்துப் பெயரைத் தமிழில் எழுதி, அட்டையில் உள்ளபடி ஆங்கில எழுத்திலும் ஒருமுறை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

‘உணவுக்கு முன்’ என்பது போன்ற தேய்ந்த சொற்களை நம்பக் கூடாது. சிலருக்கு அது இலை போட்டபின் முதல் கவளத்துக்கு முந்தைய நொடி. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்று நேரத்தோடு எழுத வேண்டும். ‘இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கவும்’ என்ற வரியைப் படித்து அதை ஃபிரீசரில் வைக்கிறவர்கள் உண்டு. அவர்கள்மேல் தவறில்லை. வரிதான் இடத்தைச் சொல்லவில்லை.

அச்சுக்குப் போகுமுன் இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் வேறொரு மருந்தாளுநரோ, பக்கத்துத் தெரு மருத்துவரோ. அவர் எண்களை மட்டும் பார்த்தால் போதும். 2.5 என்பதில் புள்ளி விழுந்து 25 ஆகியிருந்தால் அதைப் பிடிக்கக்கூடியவர் அவர்தான். இன்னொருவர், அந்த மருந்தை உண்மையில் வாங்குகிற வாடிக்கையாளர். ‘நல்லாயிருக்கா அம்மா?’ என்று அவரிடம் கேட்டால் ‘நல்லாயிருக்கு தம்பி’ என்பார். ‘இதைப் படிச்சதுக்கு அப்புறம் வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?’ என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதில் எழுதியதோடு பொருந்தவில்லை என்றால், அந்தப் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும்.

ஒவ்வொரு தாளிலும் மாதமும் ஆண்டும் பொறுப்பான மருந்தாளுநரின் பெயரும் இருக்க வேண்டும். தவறு நேர்ந்துவிட்டால் அடுத்த இதழில் முன்பக்கத்திலேயே திருத்தம் வர வேண்டும். அளவு, நாள் பற்றிய தவறு என்றால் அடுத்த மாதம்வரை காத்திருக்காமல் அன்றே தகவல் அனுப்பி, கடை முகப்பிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

அவசரச் செய்திக்கும் இதே பாதை பயன்படும். 2025 அக்டோபரில் ஓர் இருமல் சிரப்பில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் கலந்திருந்தது தெரியவந்து, தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடைசெய்தது. அது போன்ற நேரத்தில் வீட்டில் இருக்கும் பாட்டிலின் பெயரையும் தொகுதி எண்ணையும் எங்கே பார்ப்பது, கடைக்கு எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று சொல்லும் நாலு வரி, நம்பகமான எண்ணிலிருந்து அதே நாளில் போய்ச்சேர வேண்டும். வழக்கமாக மடல் வாங்கிப் பழகியவர்கள் அந்த வரிகளை நம்புவார்கள்.

கையில் சேர்ப்பது

அச்சுத் தாளுக்கு ஈடில்லை. அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளும், பேத்தி படித்துக்காட்டுவாள், கரண்ட் இல்லாதபோதும் இருக்கும். வாட்ஸ்அப்பையும் சேர்த்துக்கொள்வதானால், குரூப் தொடங்கக் கூடாது. குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். இன்சுலின் வாங்குகிறவர்கள் என்று ஒரு குரூப் இருந்தால், யாருக்குச் சர்க்கரை என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்தலாம். அதில் ஒரு பட்டியலுக்கு 256 எண்கள்வரை சேரும். ஒருவருக்கு வந்தது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் கடையின் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அனுப்பியும் பலருக்கு வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பில் போடும்போது வாங்கிய எண்ணைக் கேட்காமல் பட்டியலில் சேர்ப்பதும் தவறு. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாகக் கொண்டது. ‘மாதம் ஒரு தகவல் அனுப்பலாமா?’ என்று கேட்டு, ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கி, வேண்டாம் என்று சொன்ன அன்றே எண்ணை எடுத்துவிட வேண்டும்.

மடல் வேலை செய்கிறதா என்பதை விற்பனைக் கணக்கில் தேடக் கூடாது. அதே நாற்பது பக்க நோட்டில் தேட வேண்டும். மே மாத இதழுக்குப் பிறகு, ‘சிவப்பு மூடி சிரிஞ்ச் குடுங்க’ என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்களா? பாட்டிலைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் அதில் தேதி எழுதியிருக்கிறார்களா? பழைய கேள்வி குறைந்து, அதற்கு அடுத்தகட்டக் கேள்வி வருகிறதா? மாதக் கடைசியில் கல்லாவின் மேல் எத்தனை தாள் மிஞ்சியிருக்கிறது? மிஞ்சியது அதிகம் என்றால் பெரும்பாலும் தலைப்பு பொதுவாக இருந்திருக்கும், அல்லது தாளைக் கையில் கொடுக்காமல் மேசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். மருந்தை நீட்டும்போது, ‘இதுல உங்க மருந்தைப் பத்தி இருக்கு’ என்று சொல்லிக் கொடுத்தால்தான் வாங்கிப் போகிறவர் படிப்பார்.

சொல்ல எதுவும் இல்லாத மாதத்தில் இதழை விட்டுவிடலாம்; யாரும் குறைசொல்ல மாட்டார்கள். ஓராண்டில் பத்து இதழ் எழுதிவிட்டால் மறு ஆண்டுக்குப் பெரும்பகுதி கையில் இருக்கும், ஏனென்றால் கத்திரி வெயிலும் மழைக்காய்ச்சலும் திரும்ப வரும். பழைய தாளை அப்படியே மறுபடி அடிக்காமல், ஒவ்வொரு எண்ணையும் அந்த ஆண்டின் விளக்கத்தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தேதியை மாற்ற வேண்டும்.